பிச்சாவரத்தின் வாய்க்கால்கள் யாருக்காக?

பிச்சாவரம் அலையாத்திக்காட்டைப் பற்றி எழுதப்படும் எந்த அறிக்கையிலும் இரண்டு செய்திகள் இணைபிரியாமல் வருவதைக் காணலாம். காடு கடற்கரையைப் புயலிலிருந்தும் ஆழிப்பேரலையிலிருந்தும் காக்கிறது என்பது ஒன்று. காடு மீனவக் குடும்பங்களுக்கு இறாலும் நண்டும் தந்து அவர்களை வாழவைக்கிறது என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மைதான். ஆனால் காட்டின் ஒரே பகுதி இவ்விரண்டையும் தருவதில்லை. அவை போய்ச் சேருவதும் ஒரே வீட்டுக்கு அல்ல. சிதைந்த காட்டை மீட்கப் பணம் ஒதுக்கும்போது எந்த நோக்கத்துக்காக ஒதுக்குகிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்காவிட்டால், வாய்க்கால் எங்கே வெட்டுவது, எந்த மரத்தை நடுவது, பத்து ஆண்டு கழித்து யார் பராமரிப்பது என்ற கேள்விகளுக்குத் தவறான விடைகளே கிடைக்கும். பிச்சாவரத்தில் 1990களில் நடந்த மீட்புப் பணியை முன்வைத்து இதை விளக்கிப் பார்க்க விரும்புகிறேன். இந்தியாவில் அலையாத்தி மீட்புக்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் இடங்களுள் அது முதன்மையானது. வெற்றி பெற்றதாகச் சொல்லப்படும் பணியிலிருந்துதான் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் கற்க முடியும்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் தெற்கில் கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் இடையில், ஏறத்தாழ 1,100 எக்டர் பரப்பில் இந்தக் கழிநிலம் விரிந்திருக்கிறது. வாய்க்கால்களும் கழிகளும் நிலத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு திட்டுகளாகப் பிரித்திருக்கின்றன. கடலுக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய மணல்திட்டு நீண்டு கிடக்கிறது. சின்னவாய்க்கால் என்ற இடத்தில் அது பிளந்து கடல்நீர் உள்ளே வர வழிவிடுகிறது. இங்கே ஓதத்தின், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதன், உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வங்காளத்துச் சுந்தரவனத்தில் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்குவதால் நிலத்தில் சிறிய மேடு பள்ளம் இருந்தாலும் நீர் தானாக வந்து போய்விடுகிறது. பிச்சாவரத்தில் அந்த வசதி கிடையாது. நிலம் ஒரு சாண் தாழ்ந்தாலும் அதன் விளைவு பெரிது.

காடு சிதைந்த கதையின் மையமும் அந்த ஒரு சாண்தான். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, கூப்பு முறையில் இந்தக் காடு வெட்டப்பட்டது. காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டு, இருபது முப்பது ஆண்டுகளில் அது மீண்டும் வளர்ந்துவிடும் என்று விட்டுவிடுவது அந்த முறை. மேட்டுநிலக் காட்டில் அது ஓரளவு வேலை செய்திருக்கலாம். சேற்றுநிலத்தில் நடந்தது வேறு. நிழலற்றுப் போன சேறு வெயிலில் காய்ந்தது. காய்ந்த சேறு சுருங்கிப் படிந்தது. திட்டின் நடுப்பகுதி தாழ்ந்து, தாம்பாளம் போலக் குழிந்தது. ஓதம் ஏறும்போது அந்தக் குழிவுக்குள் புகும் கடல்நீர், ஓதம் வடியும்போது வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கியது. தேங்கிய நீர் கோடையில் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். இந்தக் குழிகளின் மண்ணிலோ அதைவிட மிக அதிகமாக உப்புச் சேர்ந்தது. அலையாத்தி மரங்களிலேயே உப்பை மிகுதியாகத் தாங்கக்கூடிய வெண்கண்டலின் கன்றுகூட அங்கே பிழைக்கவில்லை. உமிரிச்செடி மட்டும் செம்மையாய்ப் படர்ந்து நின்றது.

காடு அழிந்ததற்கு விறகு பொறுக்குவோரும் மாடு மேய்ப்போருமே காரணம் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் இங்கே ஆய்வைத் தொடங்கியபோது, முதன்மையான காரணம் அது அன்று என்பதைத் தெளிவுபடுத்தியது. வாய்க்கால்களின் ஓரங்களில் மரங்கள் நன்றாகவே இருந்தன; திட்டுகளின் உட்பகுதிதான் மொட்டையாகிக் கிடந்தது. மக்கள்தான் காரணம் என்றால் படகு எளிதில் அணையும் ஓரங்கள்தாம் முதலில் மொட்டையாகியிருக்க வேண்டும். அழிவின் வடிவமே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. பல பத்தாண்டுகளாக யாரும் அதைப் படிக்கவில்லை என்பதுதான் வியப்பு.

காரணம் தெரிந்ததும் தீர்வு நேரடியானது: தேங்கும் நீருக்கு வழி வெட்ட வேண்டும். இயற்கையான கழியிலிருந்து சிதைந்த நிலத்தின் ஊடாக ஒரு முதன்மை வாய்க்கால் வெட்டப்பட்டது. அதன் இரு பக்கமும் சாய்கோணத்தில் கிளை வாய்க்கால்கள் பிரிந்தன. மேலிருந்து பார்த்தால் மீனின் நடுமுள்ளும் பக்கமுட்களும் போலத் தெரிவதால் இதை மீன்முள் முறை என்கிறார்கள். கிளைகள் செங்குத்தாக இல்லாமல் சாய்வாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நீர் சீராகப் புகுந்து சீராக வெளியேறும், திருப்பங்களில் வண்டல் தங்குவது குறையும். வாய்க்காலின் குறுக்குவெட்டு மேலே அகன்றும் அடியில் குறுகியும் இருக்கும்; செங்குத்தாக வெட்டினால் சேற்றுக்கரை சரிந்து விழுந்துவிடும். ஓதம் நாளுக்கு இருமுறை வந்து உப்பைக் கழுவிச் செல்ல, ஒன்றிரண்டு மழைக்காலங்களில் மண்ணின் உப்பு குறைந்தது. பின்னர் வாய்க்கால் கரைகளில் வெண்கண்டலும், நீரோட்டம் நன்றாக உள்ள ஓரங்களில் சுரபுன்னையும் நடப்பட்டன.

கனடா நாட்டு நிதியுதவியுடன் 1996 முதல் 2003 வரை தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் இந்தப் பணி விரிவாக நடந்தது. வனத்துறை, ஆராய்ச்சி நிறுவனம், கிராமக் குழுக்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து திட்டமிடுவது என்பது அதன் ஏற்பாடு. பிச்சாவரத்தின் 1986-ஆம் ஆண்டுச் செயற்கைக்கோள் படத்தையும் 2002-ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்ட ஆய்வு, காட்டின் பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியிருப்பதைக் காட்டியது. காட்டைப் பொறுத்தவரை இதைவிடத் தெளிவான வெற்றியை எதிர்பார்க்க முடியாது. ஆனால் செயற்கைக்கோள் பச்சையைத்தான் காட்டும். அந்தப் பச்சை எந்த ஊரைக் காக்கிறது, எந்த வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது என்பதை அது காட்டாது.

முதலில் பாதுகாப்பை எடுத்துக்கொள்வோம்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு பிச்சாவரம் உலகப் புகழ் பெற்றது. கடலை நேரடியாகப் பார்த்தபடி மணல்திட்டின்மேல் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குடியிருப்புகள் பேரிழப்பைச் சந்திக்க, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் நீர் வேகமிழந்து ஏறி, பின் இறங்கியது. பரங்கிப்பேட்டையைச் சுற்றியுள்ள 18 குடியிருப்புகளை ஆராய்ந்து கதிரேசனும் ராஜேந்திரனும் 2005-இல் வெளியிட்ட கட்டுரை, கடற்கரைத் தாவரங்கள் உயிரிழப்பைக் குறைத்தன என்றது. அதே ஆண்டு டேனியல்சனும் அவருடைய குழுவினரும் கடலூர் மாவட்டக் கரையைப் படங்களின் வழியாக ஆராய்ந்து ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தனர். அடுத்த ஆண்டே மறுப்பு வந்தது. கெர், பேர்ட், கேம்ப்பெல் ஆகியோர் அந்த 18 குடியிருப்புகளின் தரவுகளையே மீண்டும் எடுத்துக் கணக்கிட்டு, கடலிலிருந்து ஊர் எவ்வளவு தொலைவு, எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் முதலில் கணக்கில் கொண்டால், தாவரப் பரப்பின் பங்கு என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை என்று காட்டினர். காட்டுக்குப் பின்னால் உள்ள ஊர் என்றாலே அது கடலிலிருந்து தொலைவில் உள்ள ஊர்; தப்பியது காட்டாலா, தொலைவாலா? அதற்கும் மறுமொழிகள் எழுந்தன. வேறு விதமாகக் கணக்கிட்டவர்கள் காட்டின் பங்கு உண்டு என்றே நிறுவினர்.

இந்த விவாதத்தில் நான் எந்தப் பக்கமும் முழுமையாகச் சாய வேண்டிய தேவை இல்லை. ஏனென்றால் மீட்புப் பணியை எடைபோட அதைவிட எளிமையான ஒரு செய்தி போதும். 2004-இல் மீட்கப்பட்ட பகுதிகளின் மரங்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளே வளர்ந்த இளங்கன்றுகள். அவை நின்றதோ திட்டுகளின் உட்புறத்தில், ஏற்கெனவே ஓரங்களில் நின்ற பழங்காட்டின் மறைவில். ஆழிப்பேரலையைக் காடு தடுத்தது என்றால், தடுத்தது வெட்டுக்குத் தப்பிய பழைய மரங்களே. மீட்புப் பணியின் வெற்றியையும் 2004-இன் பாதுகாப்பையும் ஒரே மூச்சில் சொல்வது கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. கணக்கில் அது நிற்காது.

காடு நீரை எப்படித் தடுக்கிறது என்பதைப் பார்த்தால் வரம்பு இன்னும் தெளிவாகும். காற்றால் எழும் சிற்றலைகள் குறுகியவை; வேர்களிலும் தண்டுகளிலும் மோதி விரைவில் ஆற்றல் இழக்கின்றன. நூறு மீட்டர் அகலமுள்ள அலையாத்திக்காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கும் என்று பல இடங்களில் செய்த அளவீடுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். புயலோடு கடல்மட்டமே உயர்ந்து உள்ளே புகுவது வேறு வகை. அதைக் குறைப்பதற்கு நூறு மீட்டர் போதாது. ஒரு கிலோமீட்டர் அகலக் காட்டுக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர் வரைதான் நீர்மட்டம் குறைகிறது. இரண்டு மீட்டர் உயரத்துக்குக் கடல் ஏறினால், ஒரு கிலோமீட்டர் காட்டைக் கடந்தபின் மிக நல்ல நிலையிலும் ஒன்றரை மீட்டர் நீர் மிச்சமிருக்கும். அந்த அரை மீட்டர் குறைவு சில வீடுகளுக்கு உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாக இருக்கலாம். ஆனாலும் அதைச் சுவர் என்று சொல்ல முடியாது.

1999 ஒடிசாப் பெரும்புயலைப் பற்றித் தாஸ், வின்சென்ட் ஆகிய இருவரும் செய்த ஆய்வு இந்தத் துறையில் நான் அதிகம் நம்பும் ஆய்வு. கேந்திரபாடா மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான ஊர்களை எடுத்துக்கொண்டு, தொலைவு, உயரம் போன்ற பிற காரணங்களைக் கணக்கில் கழித்த பிறகும், கடலுக்கும் ஊருக்கும் இடையில் அலையாத்திக்காடு அகலமாக இருந்த ஊர்களில் சாவு குறைந்திருந்ததை அவர்கள் காட்டினர். காடே இல்லாமல் போயிருந்தால், கடற்கரையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ள ஊர் ஒன்றுக்குச் சராசரியாக 1.72 பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்பது அவர்களின் மதிப்பீடு. அதே கட்டுரை, முன்னெச்சரிக்கை காட்டைவிட அதிக உயிர்களைக் காத்தது என்றும் சொல்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் இந்த இரண்டாவது செய்தியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். புயலின் எல்லாத் தீங்கும் நீரால் வருவதும் இல்லை. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன; அந்தக் காற்றைப் பிச்சாவரம் எப்படித் தடுத்திருக்க முடியும்?

அடுத்து, அந்தப் பாதுகாப்பு யாருக்கு என்ற கேள்வி. காட்டின் நிழலில் இருப்பவை, காட்டுக்கு மேற்கே உள்ள ஊர்களும் அவற்றின் வயல்களும். கடலில் தொழில் செய்யும் குடும்பங்களோ படகையும் வலையையும் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ள, முகத்துவாரத்தின் அருகிலும் மணல்திட்டிலும் குடியிருந்தார்கள். அதாவது காட்டுக்குக் கடற்பக்கத்தில். காட்டை எவ்வளவு அடர்த்தியாக்கினாலும் அதற்கு முன்னால் இருப்பவரை அது காக்காது. ஆழிப்பேரலைக்குப் பிறகு மணல்திட்டுக் குடியிருப்புகள் உள்நிலத்துக்கு இடம்பெயர்ந்தன. உயிருக்கு அது பாதுகாப்பு, தொழிலுக்கு அது தொலைவு. மீனவர் நலனையும் கரைப் பாதுகாப்பையும் ஒரே சொல்லில் அடக்குபவர்கள் இந்த எளிய நில அமைப்பைக் கவனிப்பதில்லை. பாதுகாப்பின் பெரும்பங்கு உழவர்களுக்குப் போகிறது. கடலில் இறங்குபவரின் உயிரைக் காப்பது முன்னெச்சரிக்கையும் மேட்டில் உள்ள புகலிடமும்தான்.

இனி மீன்வளம். வெள்ளை இறாலின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டால் காட்டின் பங்கு விளங்கும். தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. பொரிந்த குஞ்சுகள் இரண்டு மூன்று வாரங்கள் மிதந்தபின் ஓதத்தோடு முகத்துவாரத்தின் வழியாகக் கழிக்குள் நுழைகின்றன. வேர்களின் இடுக்கில், இலை மக்கிய சேற்றில் உணவும் ஒளிவிடமும் பெற்றுச் சில மாதங்கள் வளர்ந்து, பின் கடலுக்குத் திரும்புகின்றன. இந்த ஓட்டத்தில் மூன்று இடங்களில் மனிதர்கள் பிடிக்கிறார்கள். கழிக்குள்ளே இருளர்கள் கையால் தடவிப் பிடிக்கிறார்கள்; கழியிலும் முகத்துவாரத்திலும் சிறு வலைக்காரர்கள் பிடிக்கிறார்கள்; கடலில் முதிர்ந்த இறாலை விசைப்படகுகள் இழுவை வலையால் வாரிக்கொள்கின்றன. காடு ஒரு கிலோ இறாலைக் கூடுதலாக வளர்த்தால் அதில் யாருக்கு எவ்வளவு என்பது இந்த மூன்று கருவிகளின் வலிமையைப் பொறுத்தது. முடசலோடையிலிருந்தும் கடலூரிலிருந்தும் புறப்படும் விசைப்படகு, காட்டுக்குள் ஒருபோதும் வராமலேயே காட்டின் விளைச்சலில் பங்கு பெறுகிறது. சேற்று நண்டு அப்படி அன்று. அது வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிச்சேற்றிலேயே கழிக்கிறது, முட்டையிடும் பெண் நண்டு மட்டும் கடலுக்குப் போகிறது. ஆகவே நண்டின் பயன் உள்ளூரிலேயே தங்குகிறது. விலையும் நன்றாக இருக்கிறது.

இந்த விளைச்சல் காட்டின் நடுவில் உண்டாவதில்லை. குஞ்சு இறாலும் மீனும் வேரை அடைய நீர் வேண்டும். நீர் வந்து போகும் விளிம்புதான் அவற்றின் இடம். கலிபோர்னியா வளைகுடாவில் செய்த ஓர் ஆய்வு, ஓரத்தில் 5 முதல் 10 மீட்டர் அகலமுள்ள விளிம்புக் காட்டையே மீன்பிடிப்புக்கு நேரடியாக உதவும் பகுதியாக எடுத்துக்கொண்டு, விளிம்பு நீளமாக உள்ள இடங்களில் மீன்பிடிப்பும் கூடுவதைக் காட்டியது. இந்தக் கண்ணால் பார்த்தால் மீன்முள் வாய்க்கால்கள் வேறொரு பொருள் பெறுகின்றன. மரம் வளர உப்பைக் கழுவுவதற்காக வெட்டிய வாய்க்கால்கள், மீனுக்கு விளிம்பாகிவிடுகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் உள்ள 10 எக்டர் நிலம் என்று வைத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட அளவுகள். வாய்க்கால் இல்லாதபோது அதன் சுற்றளவு 1.4 கிலோமீட்டர், நான்கு பக்கமும் கழி சூழ்ந்திருந்தாலும் விளிம்பு அவ்வளவுதான். நடுவில் 500 மீட்டருக்கு ஒரு முதன்மை வாய்க்காலும், இரு பக்கமும் இருபது இருபதாக, ஒவ்வொன்றும் 100 மீட்டர் நீளமுள்ள கிளைகளும் வெட்டினால், மொத்த வாய்க்கால் நீளம் 4.5 கிலோமீட்டர். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் இரண்டு கரை என்பதால் புதிதாகக் கிடைக்கும் விளிம்பு 9 கிலோமீட்டர். முதன்மை வாய்க்கால் 3 மீட்டரும் கிளைகள் 2 மீட்டரும் அகலமானால், இவற்றுக்காக இழக்கும் நிலம் ஒரு எக்டரைவிடச் சற்றுக் குறைவு. பத்தில் ஒரு பங்கு.

அந்தப் பத்தில் ஒரு பங்குதான் இரண்டு நோக்கங்களும் மோதும் இடம். கரைப் பாதுகாப்பை மட்டும் நினைப்பவருக்கு வாய்க்கால் என்பது மரமில்லாத இடைவெளி; புயல்நீர் தடையின்றி உள்ளே ஓடுவதற்கு ஒரு பாதை. காட்டில் வாய்க்கால்கள் மிகுந்தால் நீர்மட்டம் குறைவது தளர்கிறது என்பது அளவீடுகளும் காட்டிய செய்தி. அவர் கடலுக்கு இணையாக, இடைவெளியே இல்லாத அடர்ந்த பட்டையாக மரங்களை விரும்புவார். மீன்வளத்தை நினைப்பவருக்கு வாய்க்கால்தான் சொத்து. நடுவில் நீர் எட்டாமல் நிற்கும் மரங்களால் அவருக்குப் பெரிய பயன் இல்லை. பிச்சாவரத்தில் இந்த மோதல் வெளியே தெரியாமல் போனதற்குக் காரணம், அங்கே வாய்க்கால் வெட்டாமல் மரமே வளராது என்ற நிலை. அதனால் இரண்டு தரப்பும் ஒரே வரைபடத்தில் கையெழுத்திட முடிந்தது. எல்லா இடத்திலும் அப்படி அமையாது. மீனவர்கள் வலை உலர்த்தவும் மட்டி பொறுக்கவும் பயன்படுத்தும் திறந்த சேற்றுப்பரப்பில் எண்ணிக்கைக்காகக் கன்று நடும் இடங்களில், காடு மீனவரின் நிலத்தை எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அந்தக் கன்றும் பிழைப்பதில்லை. நீர் அதிக நேரம் மூடி நிற்கும் இடம் அது.

கிள்ளைப் பக்கம் கழியில் இறால் தடவும் ஓர் அம்மா ஒருமுறை என்னிடம் சொன்னார்: "மரம் எத்தனைன்னு வந்து எண்ணிட்டுப் போறாங்க தம்பி. வாய்க்கால்ல தண்ணி எப்ப வருது, எப்பப் போவுதுன்னு யாரும் கேக்குறதில்ல." மீட்பு சரியாக நடக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனையை நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை. ஓதம் வடிந்த பிறகு வாய்க்காலின் உட்கோடியில் நீர் தேங்கி நின்றால், அடியில் வண்டல் மேடிட்டுவிட்டது என்று பொருள். கோடையில் கரையோர மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்தால், உமிரி மீண்டும் படரத் தொடங்கினால், பழைய நோய் திரும்புகிறது. மாறாக, யாரும் நடாத கன்றுகள் தாமாக முளைத்திருந்தால், சேற்றில் நண்டு வளைகள் நெருங்கியிருந்தால், நீரோட்டம் நலமாக இருக்கிறது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கை இவற்றில் எதையும் சொல்லாது.

கழியில் கையால் தடவிப் பிடிக்கும் இருளர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இடுப்பளவு நீரில் குந்தியபடி வரிசையாக நகர்ந்து, சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்து, பனையோலையால் முடைந்த பறியில் போடுவது அவர்களின் முறை. பறியை வாயில் கவ்விக்கொள்வதால் இரு கையும் வேலைக்குக் கிடைக்கும். படகோ வலையோ முதலோ தேவையில்லாத தொழில் இது. ஆகவே மிக ஏழைகளின் தொழில், பெண்களும் சமமாக ஈடுபடும் தொழில். ஆழமில்லாத, நீரோட்டமுள்ள சிறு வாய்க்கால்தான் இதற்கு ஏற்ற இடம். மீன்முள் வாய்க்கால்கள் தந்த விளிம்பு, வேறு யாருக்கும் முன்பாக இவர்களுக்கு எட்டக்கூடியது. ஆயினும் கழியில் இவர்களின் உரிமையை வலைத்தொழில் செய்யும் சமூகங்கள் நெடுங்காலம் ஏற்கவில்லை. பழங்குடிச் சான்றிதழ் கையில் இல்லாததால் அரசின் உதவிகளும் எட்டவில்லை. திட்டக் காலத்தில் கிள்ளை எம்.ஜி.ஆர். நகர் இருளர் குடும்பங்களுக்குச் சான்றிதழ் பெறவும், வலையும் படகும் பெறவும் முயற்சிகள் நடந்தன. வாய்க்காலைவிட அந்தச் சான்றிதழ்தான் அவர்களின் வருமானத்தை அதிகம் மாற்றியிருக்கும் என்பது என் எண்ணம். நீரில் இறால் கூடுவது ஒன்று. அதைப் பிடிக்க ஒருவருக்கு இடம் விடப்படுவது வேறொன்று.

மீட்புக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. காப்புக்காட்டில் விறகு எடுப்பதற்கும் மாடு மேய்ப்பதற்கும் கட்டுப்பாடு இறுகியபோது, காட்டுக்கு மேற்கே உள்ள ஊர்களின் ஏழைக் குடும்பங்கள் அதைத் தாங்கின. பாதுகாப்பின் பெரும்பங்கும் அந்த ஊர்களுக்கே போகிறது என்று முன்பு சொன்னேன். ஆனால் ஓர் ஊருக்குள் பாதுகாப்பு பெறும் வயல்காரரும் மாட்டை ஓட்டிக்கொண்டு வேறிடம் தேடுபவரும் ஒரே ஆள் இல்லை.

மீன்வளப் பயனை எண்ணால் நிறுவுவது பாதுகாப்பை நிறுவுவதைவிடக் கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் ஆண்டில் இறால் கூடுதலாகக் கிடைத்தால் அது காட்டாலா, நல்ல வடகிழக்குப் பருவமழையாலா, சின்னவாய்க்கால் முகத்துவாரம் அந்த ஆண்டு ஆழமாகத் திறந்திருந்ததாலா என்று பிரிப்பது எளிதன்று. இவற்றுள் முகத்துவாரமே முதன்மையானது என்று நான் கருதுகிறேன். மணல் சேர்ந்து அது மேடிட்டால் ஓதம் உள்ளே வருவது குறைகிறது. குஞ்சு இறாலின் வாசலும் அடைபடுகிறது. உப்பைக் கழுவும் நீரும் குறைகிறது. எத்தனை எக்டர் வெண்கண்டல் நட்டாலும் அந்த வாசல் மூடியிருந்தால் மீனுக்கும் பயனில்லை, நாளடைவில் மரத்துக்கும் பயனில்லை. கொள்ளிடத்தில் நன்னீர் வரத்து குறைந்திருப்பது இதோடு சேர்ந்த இன்னொரு சுமை. உப்புத் தாங்கும் வெண்கண்டல் பரவ, நன்னீர் வேண்டும் இனங்கள் ஒதுங்குகின்றன. சிதம்பரத்துக்கே பெயர் தந்த தில்லை மரத்தைப் பார்க்க வேண்டுமானால் இன்று கோயிலுக்கு வருபவர்கள் பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது என் தீர்ப்பு ஒரு பக்கம் சாய்கிறது. பிச்சாவரத்தின் உட்புறச் சிதைவுகளை மீட்பதை மீன்வளப் பணியாகவே கணக்கிட வேண்டும். கரைப் பாதுகாப்பை அதன் உபரிப் பயனாக மட்டும் எழுத வேண்டும். பாதுகாப்புக்கு முன்னுரிமை தரவேண்டிய இடம் வேறு: ஓரங்களில் நிற்கும் பழங்காட்டின் அகலம் குறையாமல் பார்ப்பது. அதற்குக் கன்று தேவையில்லை, காவல்தான் தேவை. பொதுவாக இதை எதிர்ப்பவர்கள் சொல்வது, பாதுகாப்பு என்று சொல்லாவிட்டால் நிதி வராது என்பது. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பாதுகாப்பின் பெயரால் வரும் நிதி பாதுகாப்பின் அளவுகோலையும் கூடவே கொண்டுவருகிறது. எக்டர் எத்தனை, கன்று எத்தனை என்று. 2023 நிதிநிலை அறிக்கையில் ஒன்றிய அரசு அறிவித்த மிஷ்டி திட்டத்தின் பெயரிலேயே கடற்கரை வாழிடமும் கைக்கு எட்டும் வருமானமும் சேர்ந்திருக்கின்றன. அந்த வருமானம் எந்தக் குடும்பத்தின் கைக்கு எட்டியது என்பதை அளக்க, நடவுக் கணக்கு உதவாது.

பணத்தைப் பொறுத்தவரை சிக்கலான பகுதி வெட்டும் ஆண்டில் இல்லை. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் இருக்கிறது. ஓதம் குறைவான கழியில் வெட்டிய வாய்க்கால், தூர்வாராவிட்டால் சில ஆண்டுகளில் மேடிட்டுவிடும். திட்டமோ வெட்டுவதற்கும் நடுவதற்கும் மட்டும் பணம் வைத்திருந்து, முடியும் ஆண்டில் போய்விடுகிறது. மரம் வேரூன்றி நிழல் விழுந்த பிறகு உப்பு பழைய வேகத்தில் ஏறாது என்பதால், பாதுகாப்பை நினைப்பவருக்குத் தூர்வாருவது அவ்வளவு அவசரமாகத் தெரிவதில்லை. மீனுக்கு அப்படியில்லை; கிளை வாய்க்கால் மேடிட்ட அன்றே 9 கிலோமீட்டர் விளிம்பு சுருங்கத் தொடங்குகிறது. எனவே எந்தக் கிளையை எந்த ஆண்டு தூர்வாருவது என்று முடிவு செய்யும் குழுவில் கழியில் இறங்கும் குடும்பங்களுக்கு இடம் இருக்க வேண்டும், அந்தக் கூலியும் அவர்களுக்கே போக வேண்டும். பருவமழைக்கு முன், கழியில் நீர் குறைந்திருக்கும் மாதங்களே அந்த வேலைக்கு ஏற்றவை. வெட்டிய சேற்றைக் கரையில் குவித்துவிடாமல் பரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரையே மேடாகி, வாய்க்காலுக்குப் பின்னால் உள்ள நிலத்துக்கு ஓதம் ஏறாமல் போய்விடும்.